ரேஷன் கணக்கை எதுல வச்சுக்கறது: எஸ்எம்எஸ்ஸா, ஆப்பா, நோட்டா, ஷீட்டா?

போன வருஷம் சம்பா நடவு நேரத்துல எதிர்வீட்டு அக்கா சாக்கைத் தூக்கிட்டு நேரா எங்க திண்ணைக்கு வந்து, "பாரு, அஞ்சு கிலோ அடிச்சிட்டாங்க, மாசாமாசம் 25 வாங்குனேன், இந்த மாசம் 20தான் போட்டான், கேட்டா மிஷின்ல அவ்ளோதான் வருதுங்கறான்"னு கத்துனாங்க. சீனி மட்டும் எப்பவும் போல 2 கிலோ வந்துருக்கு, அதனால கார்டுல ஒண்ணும் மாறலன்னு அவங்களுக்கு உறுதி, அப்ப அரிசியில கைவச்சிருக்காங்கன்னுதான அர்த்தம்னு சண்டைக்குக் கிளம்பிட்டாங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் போன்ல பாத்தப்பதான் விஷயம் வேறன்னு தெரிஞ்சுது, அதைப் பின்னாடி சொல்றேன். அன்னைக்குதான் எனக்கு இந்தக் கணக்கை ஒழுங்கா எழுதி வைக்கணும்னு தோணுச்சு, எதுல எழுதறதுன்னு நாலு விதமா முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

எங்க ஊரு நீடாமங்கலம் பக்கம். கடை பகுதிநேரக் கடை, வாரத்துல ரெண்டு நாள்தான் தொறக்கும். நடவு, களையெடுப்புன்னு ஆளுங்க வயலுக்குப் போயிருக்கற நாள்ல கடை தொறந்தா பாதிப் பேரு வரமுடியாது, அதனால ஒருத்தர் கார்டை இன்னொருத்தர்கிட்ட குடுத்து வாங்கிட்டு வரச் சொல்றதும், பாதி இன்னைக்கு பாதி அடுத்த தடவைன்னு வாங்கறதும் சகஜம். (கைரேகை வைக்க கார்டுல பேரு இருக்கற யாராவது போகணும்தான், ஆனா பொருளைத் தூக்கிட்டு வர்றது பல நேரம் வேற ஆளு.) நான் வீட்டுலயே தையல் மிஷின் போட்டு உக்காந்துருக்கறதால எங்க தெருவுல நாலு கார்டு கணக்கு என்கிட்ட வந்து சேந்துருச்சு. எங்க வீடு, எதிர்வீட்டு அக்கா, தனியா இருக்கற பெரியத்தை, அப்புறம் தெருக்கோடி சித்தி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது தெரியாம எதுல எழுதுனாலும் பிரயோஜனம் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க எவ்ளோ வாங்குறாங்கன்னு பாத்து நம்மளுக்கும் அவ்ளோதான்னு நினைக்கக்கூடாது. கார்டுல PHH, NPHH, PHH-AAYன்னு போட்டுருக்கும்ல, அளவு அதைப் பொறுத்துதான். எங்க வீட்டு கார்டு NPHH, நாங்க அஞ்சு பேரு, எங்களுக்கு 20 கிலோ, அதுதான் உச்சம், ஆறாவது ஆளு வந்தாலும் கூடாது. எதிர்வீட்டு அக்கா கார்டு PHH, அவங்களும் அப்ப அஞ்சு பேருதான், ஆனா தலைக்கு 5 கிலோ கணக்குல அவங்களுக்கு 25 வந்துச்சு. சித்தி கார்டு PHH-AAY, அதாவது அந்த்யோதயா, அதுல மூணு பேரா ஆறு பேரான்னு கணக்கே இல்ல, மொத்தமா 35. பெரியத்தை ஒத்தை ஆளு, 12 கிலோ. ஒரே தெரு, நாலு வீடு, நாலு அளவு. இதுல எத்தனை சண்டை நடந்துருக்குன்னு எங்க தெரு நாய்க்குக்கூட தெரியும்.

அரிசி எல்லாருக்கும் 2011லேருந்து இலவசம், அதனால அதுல காசுக் கணக்கு கிடையாது. சீனி தலைக்கு அரை கிலோ, ஆனா 2 கிலோவுக்கு மேல போகாது, கிலோ 25 ரூபா, அந்த்யோதயாவுக்கு மட்டும் பழைய 13.50. துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ 30 ரூபா, பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபா. கோதுமை வாங்குனா அது தனியா கிடையாது, அரிசி அளவுலேருந்துதான் கழியும். இந்தக் கடைசி வரிதான் பாதி குழப்பத்துக்குக் காரணம். பெரியத்தை 10 கிலோ அரிசியும் 2 கிலோ கோதுமையும் வாங்கிட்டு வந்து "ரெண்டு கிலோ குறையுதுடி"ன்னு சொன்னாங்க, குறையல அத்தை, கோதுமையா வந்துருக்குன்னு புரியவைக்க அரை மணி நேரம் ஆச்சு. பச்சரிசியும் புழுங்கலும் அதே மாதிரிதான், ரெண்டும் சேத்து ஒரே அளவுக்குள்ள.

சரி, இப்ப எதுல வச்சுக்கறதுன்னு வருவோம்.

முதல்ல நான் எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பிப் பாத்தேன். பில்லு போட்ட உடனே பதிவு பண்ண நம்பருக்கு என்ன பொருள், எவ்ளோ, எவ்ளோ காசுன்னு வந்துடும். செலவு இல்ல, எழுத வேண்டாம், அழிக்காம வச்சிருந்தா அதுவே கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊருல இது ஏன் ஓடலன்னா, 2017ல ஸ்மார்ட் கார்டு வந்தப்ப வீட்டுல யாருகிட்ட போன் இருந்துச்சோ அவங்க நம்பரைக் குடுத்துட்டாங்க, அந்தப் பையன் இப்ப திருப்பூர்ல இருக்கான், இல்ல சிங்கப்பூர் போயிட்டான், சிம்மே செத்துப்போச்சு. சித்தி வீட்டு எஸ்எம்எஸ் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கற மவனுக்குப் போகுது, அவன் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தூங்கி எந்திரிச்சு பாக்கறதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிருக்கும். பெரியத்தை நம்பரு யாருதுன்னே தெரியல. நம்பர் மாத்தணும்னா வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகணும், இல்லன்னா மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை நடக்கற குறைதீர் முகாமுல குடுக்கலாம், நாங்க முகாமுலதான் குடுத்தோம், பெரியத்தைக்கு என் நம்பரைப் போட்டாச்சு.

எஸ்எம்எஸ்ஸோட ஒரே பெரிய பலம் நேரம். வாங்காத பொருளுக்கு வாங்குனதா பில்லு போட்டா அப்பவே தெரிஞ்சுடும். எங்க வீட்டுக்கே ஒரு தடவை நடந்துச்சு. அரிசி மட்டும் வாங்கிட்டு வந்தேன், பருப்பு ஸ்டாக் இல்ல, அடுத்த தடவை வாங்கன்னு சொல்லிட்டாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா மெசேஜ்ல துவரம்பருப்பு 1 கிலோன்னு இருக்கு. திரும்பிப் போயி காட்டுனேன், "தெரியாம கை பட்டுடுச்சு, அடுத்த லோடுல தர்றேன்"னாரு, தரவும் செஞ்சாரு. மெசேஜ் இல்லன்னா நான் அடுத்த வாரம் போயி பருப்பு கேட்டுருப்பேன், மிஷின்ல ஏற்கனவே வாங்கியாச்சுன்னு வந்துருக்கும், நான் என்னத்தைக் காட்டுவேன்? அதனால எஸ்எம்எஸ் வேணாம்னு சொல்லல, அது காவல்காரன் மாதிரி, கணக்குப்பிள்ளை இல்ல. அளவு எவ்ளோ அனுமதி, இன்னும் எவ்ளோ பாக்கின்னு அதுல சேத்துப் பாக்க முடியாது, ரெண்டு மூணு தவணையா வாங்குனா கூட்டல் கழித்தல் நம்மதான் போடணும்.

அடுத்து ஆப். TNePDSன்னு ஒண்ணு இருக்கு, tnpds.gov.in வெப்சைட்லயும் அதையேதான் பாக்கலாம். பதிவு பண்ண நம்பர் போட்டு ஓடிபி வந்தா உள்ள போயிடலாம், இந்த மாசம் இந்த கார்டுக்கு என்னென்ன எவ்ளோ அனுமதி, எவ்ளோ வாங்கியாச்சுன்னு வரும். இதுல இருக்கற அனுமதி அளவைத்தான் நான் கடைசி வார்த்தையா எடுத்துக்கறேன், ஏன்னா கடை மிஷினும் அந்தக் கணக்கை வச்சுத்தான் பில்லு போடுது, நம்ம மனசுல இருக்கற அளவை வச்சு இல்ல.

எதிர்வீட்டு அக்கா கதை இங்கதான் முடியுது. அன்னைக்கு அவங்க நம்பர்ல ஓடிபி வாங்கி உள்ள போயி பாத்தா அனுமதி அரிசியே 20தான் காட்டுது. குடும்ப உறுப்பினர் பட்டியலைப் பாத்தா நாலு பேருதான் இருக்காங்க. ஆவணியில மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளை வீட்டு கார்டுல சேக்கறதுக்காக இங்க பேரை நீக்க மனு குடுத்துருக்காங்க, குடுத்தது மாப்பிள்ளை, அக்காவுக்கு அது ஞாபகமே இல்ல. அஞ்சு பேரு 25, நாலு பேரு 20, முடிஞ்சுது. ஆனா சீனி ஏன் மாறலன்னா, தலைக்கு அரை கிலோ கணக்குல நாலு பேருக்கே 2 கிலோ வந்துடுது, அஞ்சாவது ஆளுக்கு முன்னாடியும் ஒண்ணும் கூடல, இப்பவும் ஒண்ணும் குறையல. அதைப் பாத்துதான் அக்கா ஏமாந்தாங்க. நோட்டுல எழுதி வச்சிருந்தா கூட போன மாசம் 25, இந்த மாசம் 20ன்னுதான் தெரிஞ்சிருக்கும், ஏன்னு தெரிஞ்சிருக்காது. கடைக்காரர் மேல பழி போட்டுட்டு வந்துருப்பாங்க. (அதுக்கப்புறம் அவங்க அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல, சொல்லல, அது வேற.)

அப்ப ஆப் மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. ஆப்புக்குத் தெரிஞ்சது பில்லு மட்டும்தான். பில்லுல 20ன்னு இருந்தா ஆப்புல 20. சாக்குல 18 இருந்தாலும் ஆப்புல 20தான். நம்ம வீட்டுப் பானைக்குள்ள அது எட்டிப் பாக்காது. இன்னொண்ணு, ஓடிபி நம்பர் கையில இல்லாத வீட்டுக்கு ஆப் பூட்டுன பொட்டி மாதிரி, சித்திக்காக திருப்பூருக்குப் போன் போட்டு ஓடிபி கேட்டு அவன் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோயி மறுபடி கேட்டு, ஒரு மாசத்துக்கு மேல அந்தப் பையன் போனையே எடுக்கல.

மூணாவது நோட்டு. சாதாரண நாப்பது பக்க நோட்டுதான், அரிசி டப்பா மேல கயித்துல கட்டி தொங்கவிட்டுருக்கேன். ஒரு கார்டுக்கு ரெண்டு பக்கம். இதுல நான் கண்டுபிடிச்ச ஒரே விஷயம் என்னன்னா மூணு கட்டம் வேணும், ரெண்டு போதாது. நிறைய பேரு "அனுமதி", "வாங்குனது"ன்னு ரெண்டு கட்டம் போடுறாங்க. வாங்குனதுங்கறதுல பில்லுல ஏறுனதும் வீட்டுக்கு வந்ததும் கலந்துபோயிடுது. அனுமதி, பில்லு, வந்தது, இப்படி மூணா பிரிச்சா எங்க ஓட்டைன்னு தன்னால தெரியும். அனுமதிக்கும் பில்லுக்கும் வித்தியாசம்னா இன்னும் பாக்கி இருக்கு, மாசம் முடியறதுக்குள்ள போயி வாங்கணும். பில்லுக்கும் வந்ததுக்கும் வித்தியாசம்னா எடை குறைஞ்சிருக்கு, இல்ல வாங்காத பொருளுக்கு பில்லு விழுந்துருக்கு. போன மாச அனுமதிக்கும் இந்த மாச அனுமதிக்கும் வித்தியாசம்னா கார்டுலயே ஏதோ மாறியிருக்கு. மூணும் மூணு வேற வேற வியாதி, ஒரே மருந்து குடுக்க முடியாது.

வந்தது கட்டத்தை எழுதணும்னா எடை போடணும்ல, அதுக்கு எங்க வீட்டுல சிங்கப்பூர்லேருந்து கொழுந்தன் கொண்டாந்த கைத்தராசு ஒண்ணு இருக்கு, பொட்டியைத் தொங்கவிட்டு எடை பாக்கறது, அதுல சாக்கை மாட்டித் தூக்குனா போதும். ஆனா தராசே சரியான்னு பாக்கணும். பத்து உப்புப் பாக்கெட்டை பையில போட்டுத் தூக்குனேன், ஒண்ணு ஒரு கிலோ பாக்கெட், 10.1ன்னு காட்டுச்சு, சரி நூறு கிராம் கூடக் காட்டுதுன்னு தெரிஞ்சுகிட்டேன். காலி சாக்கையும் முன்னாடியே எடை போட்டு நோட்டு அட்டையில எழுதிட்டேன், எங்க சணல் சாக்கு அரை கிலோவுக்கு மேல வருது, அதைக் கழிக்காம பாத்தா குறைச்சலே தெரியாது.

ஒரு மாசக் கணக்கை அப்படியே சொல்றேன், கார்த்திகை மாசம், எங்க கார்டு. அனுமதி 20. முதல் தடவை 15 கிலோ புழுங்கல் பில்லு, வீட்டுல எடை போட்டா சாக்கு கழிச்சு, தராசு தப்பு கழிச்சு 14.1. ரெண்டாவது தடவை 3 கிலோ பச்சரிசி, 2 கிலோ கோதுமை பில்லு, வந்தது 2.9, 2.0. ஆக பில்லு 20, வந்தது 19. ஒரு கிலோ போச்சு, அதுல 900 கிராம் முதல் தடவையிலயே. நூறு எரநூறு கிராமை நான் கண்டுக்கறதில்ல, தராசை நூறு கிராமுக்கு மேல நம்ப முடியாது, கீழ சிந்தறதும் உண்டு. ஆனா 15 கிலோவுல 900 கிராம்ங்கறது சிந்தல் இல்ல. போயி கேட்டேன், சண்டையா இல்ல, நோட்டைக் காட்டித்தான் கேட்டேன். அவரு "குடோன்லேருந்து வர்ற மூட்டையே அம்பது கிலோ இருக்கறதில்லம்மா, ரெண்டு மூணு கிலோ கம்மியாத்தான் வருது, நான் எங்க போயி நிரப்பறது"ன்னாரு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கலாம், நான் அந்த மூட்டையை எடை போட்டுப் பாக்கல. ஆனா அவரு நஷ்டத்தை என் சாக்குல ஈடுகட்டறது எப்படி சரியாகும்? அடுத்த தடவையிலேருந்து எனக்குப் போடறப்ப தராசு முள்ளு நின்னப்புறம்தான் கொட்டுறாரு. தராசையும் பில்லு மிஷினையும் ஒண்ணா இணைச்ச கடைகள்ல இந்தப் பிரச்சினை கொஞ்சம் குறையும், தராசுல நிக்கற எடைதான் பில்லுல ஏறும், எங்க கடைக்கும் அது வந்தா நல்லாருக்கும்.

காசுக்கும் ஒரு கட்டம் போடுங்க. எதிர்வீட்டு அக்கா கார்டுக்கு சீனி 2 கிலோ 50, பருப்பு 30, எண்ணெய் 25, ஆக 105 ரூபா. அவங்க குடுத்துட்டு வந்தது 130. என்னன்னு பாத்தா ஒரு டீத்தூள் பாக்கெட்டு, ஒரு உப்பு. அது ரேஷன் பொருளே இல்ல, கடையில விக்கறது, வேணும்னா வாங்கலாம், வாங்கித்தான் ஆகணும்னு இல்ல. சித்திக்கு மூணு பேரு, சீனி ஒன்றரை கிலோ 13.50 மேனிக்கு 20.25, பருப்பும் எண்ணெயும் சேந்து 75.25, அந்தக் கால் ரூபாயை யாரு குடுக்க யாரு வாங்க, 76ன்னு போட்டா சரிதான், 90ன்னா கேக்கணும்.

நோட்டுக்கு ஒரு பலவீனம் இருக்கு, மாசம் தாண்டிப் போற கணக்கு. பொதுவா அந்த மாசம் வாங்காதது அந்த மாசத்தோட போச்சு. ஆனா சில நேரம் அரசாங்கமே தள்ளிக் குடுக்கும், 2024 மே மாசத்துப் பருப்பும் பாமாயிலும் சரியா வரல, ஜூன்ல வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. அப்ப ஜூன் பக்கத்துல ரெண்டு பருப்பு ரெண்டு எண்ணெய் விழுது, பாத்தா அனுமதிக்கு மேல வாங்குன மாதிரி இருக்கும். மழைக்காலத்துல தலைகீழா நடக்கும், 2025 அக்டோபர்ல நவம்பர் அரிசியையும் முன்கூட்டியே வாங்கிக்கலாம்னாங்க, டெல்டாவுல தண்ணி ஏறுனா கடைக்கே போக முடியாதுல்ல. வாங்கி வச்சவங்க நவம்பர்ல போயி "அரிசி இல்லைங்கறாங்க"ன்னு குறை சொன்னதையும் பாத்தேன். அதனால தேதி எழுதற இடத்துக்குப் பக்கத்துல "எந்த மாசத்துக்கு"ன்னு இன்னொரு சின்னக் கட்டம். பொங்கல் தொகுப்புல வர்ற பச்சரிசி, சீனி எல்லாம் இதுல சேக்காதீங்க, அதைக் கடைசிப் பக்கத்துல தனியா எழுதிடுங்க, கரும்பை எடை போட வேண்டாம்.

நாலாவது ஷீட். பையன் போன்ல கூகுள் ஷீட்ஸ் போட்டுக் குடுத்தான். நாலு கார்டையும் ஒரே இடத்துல பாக்கறதுக்கு இதுக்கு மேல ஒண்ணு இல்ல, திருப்பூர்ல இருக்கற சித்தி மவனும் அங்கேருந்தே பாப்பான், அவனுக்கு எஸ்எம்எஸ் வந்ததும் அவனே பில்லு கட்டத்துல ஏத்திடுவான், அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நிறுத்தாம வச்சிருக்கேன். B அனுமதி அரிசி, C புழுங்கல் பில்லு, D பச்சரிசி பில்லு, E கோதுமை பில்லு, G வீட்டுல எடை போட்டது. மீதி F கட்டத்துலயும் குறைச்சல் H கட்டத்துலயும் தானா வரணும்னா இவ்ளோதான்:

```
F2:  =B2-SUM(C2:E2)
H2:  =SUM(C2:E2)-G2
```

F கட்டத்துல 20ஆம் தேதிக்கு மேலயும் பூஜ்ஜியம் வரலன்னா அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடுவேன். H கட்டத்துல அரை கிலோ தாண்டுனா செவப்பா மாறுற மாதிரி பையன் வச்சிருக்கான். இதுல நான் பண்ண தப்பு ஒண்ணு, அனுமதியைப் போன மாசத்துலேருந்து அப்படியே காப்பி பண்ணி இழுத்துவிட்டேன். பழைய மாசங்களையும் சேத்து ஏத்துனதால எதிர்வீட்டு அக்காவுக்கு 25ன்னே ஓடிட்டு இருந்துச்சு, F கட்டம் அஞ்சு கிலோ பாக்கின்னு காட்டிகிட்டே இருந்துச்சு, நானே மறுபடி கடைக்கு அனுப்பப் பாத்தேன். அனுமதி மட்டும் ஒவ்வொரு மாசமும் ஆப்புல பாத்துட்டுத்தான் அடிக்கணும், இழுக்கக்கூடாது. இன்னொண்ணு, ஷீட்டைத் திறந்து அடிக்க ஒரு ஆளு வேணும். அரிசி சாக்கோட வந்து நிக்கறவங்க, கையெல்லாம் சேறு, போனை எடுத்து கட்டம் தேடி அடிப்பாங்களா? நோட்டுல பென்சிலால கிறுக்கிட்டுப் போவாங்க, அதை ராத்திரி நான் ஷீட்ல ஏத்துவேன்.

அதனால என் முடிவு இதுதான். ஒரே ஒரு கார்டு, நம்பர் நம்ம கையில இருக்குன்னா நோட்டும் எஸ்எம்எஸ்ஸும் போதும், மாசத்துல ஒரு தடவை, முதல் வாரத்துல, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஆப்புல அனுமதி அளவைப் பாத்துடுங்க, அது மேல நோட்டு ஓடும். நம்பர் வெளியூர்ல இருக்கா, அப்ப ஷீட் வேணும், நம்பர் மாத்தற வரைக்கும். ரெண்டு மூணு கார்டு பாத்துக்கறீங்கன்னாலும் ஷீட். ஆப் மட்டும், எஸ்எம்எஸ் மட்டும்னு இருந்தா எடைக் குறைச்சல் எந்தக் காலத்துலயும் தெரியாது. நோட்டு மட்டும்னா அனுமதி மாறுனது தெரியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வச்சுக்கணும்னு கட்டாயப்படுத்துனா நோட்டைத்தான் வச்சுக்குவேன், மூணு கட்டத்தோட.

குறை சொல்லணும்னா 1967க்கும் 1800-425-5901க்கும் பேசலாம், காசு இல்ல. பேசறப்ப "எப்பவும் கம்மியாத்தான் போடுறாங்க"ன்னு சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, கார்டு நம்பர், தேதி, பில்லு அளவு, வந்த அளவு நாலையும் நோட்டைப் பாத்து வாசிங்க. வாங்காத பொருளுக்கு பில்லுன்னா அன்னைக்கே பேசிடுங்க, மாசம் தாண்டுனா யாரு வாங்குனா யாரு வாங்கலன்னு நிரூபிக்க வழி இல்ல.

பெரியத்தைக்கு இப்ப வேற ஏற்பாடு. 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தாயுமானவர் திட்டத்துல வயசானவங்களுக்கு வீட்டுக்கே வண்டி வருது. அத்தைக்கு 74. வண்டியிலயே தராசும் மிஷினும் இருக்கு, வாசல்லயே எடை போட்டு வாசல்லயே கைரேகை. கணக்கு இன்னும் சுலபமாயிடும்னு நினைச்சேன், ஆனா அத்தை நோட்டைக் குடுக்க மாட்டேங்குறாங்க, அவங்களே எழுதுறாங்களாம். போன மாசம் எட்டிப் பாத்தேன், அனுமதி 12, பில்லு 12, வந்தது கட்டத்துல "சரி"ன்னு மட்டும் எழுதிருக்கு. எடை போட்டியா அத்தைன்னா, "அந்தப் பையன் வெயில்ல வீடு வீடா ஏறி இறங்குறான், அவன் முன்னாடி தராசைத் தூக்குனா நல்லாவாடி இருக்கும், அவன் போனப்புறம் மரக்கால்ல அளந்துட்டேன்"னு சொல்றாங்க. மரக்காலுக்கும் கிலோவுக்கும் கணக்கு நான் இனிமேதான் போட்டுப் பாக்கணும்.